கோப்பைப் படத்துக்குக் கீழே நாலு வரி

பொங்கல் விடுமுறையிலும் மே மாதத்திலும் நம் ஊர்களில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் போட்டி நடக்காத மைதானம் குறைவு. தண்ணீர் வற்றிய ஏரி, அறுப்பு முடிந்த வயல், விடுமுறை விட்ட பள்ளியின் விளையாட்டுத் திடல் என எங்கே சமதளம் கிடைத்தாலும் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார்கள். முதல் பரிசு எவ்வளவு, அதைத் தருபவர் யார், கோப்பை யார் நினைவாக என்று சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டிப் பெயர் கொடுத்தால் சீட்டுக் குலுக்கி யார் யாரோடு மோதுவது என்று முடிவு செய்வார்கள். ஆறு அல்லது எட்டு ஓவர்தான் ஆட்டம். ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள் ஆடி, இருட்டும் நேரத்தில் இறுதிப் போட்டியை முடித்துவிட்டு, வியர்வை காயாத சட்டையோடு கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் படம் அன்றிரவே கைப்பேசிகளில் வந்துவிடும். கீழே எழுதியிருக்கும் வரிதான் பெரும்பாலும் ஏமாற்றம் தருகிறது. "சாம்பியன்ஸ்!", "வெறித்தனம்!", "சம்பவம் பண்ணிட்டோம்", "ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி, நன்றி நண்பர்களே". இந்த வரிகளை எந்த ஊர், எந்த அணி, எந்த வருடத்துப் படத்துக்குக் கீழே வேண்டுமானாலும் ஒட்டலாம். அன்று மைதானத்தில் நடந்த எதுவும் அதில் இல்லை. கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஜெயித்த படத்துக்கு இது இன்னும் பெரிய குறை. ஏனென்றால் அவர்கள் ஒருவரையொருவர் நான்கு வருடம் ஓட்டித் தீர்த்தவர்கள். அந்தக் கேலியும் அதற்கு அடியில் இருக்கும் பிரியமும் அந்த வரிகளில் துளியும் தெரிவதில்லை.

சென்ற பொங்கலுக்கு என் அக்கா மகனின் அணி டெல்டா பக்கத்து ஊர் ஒன்றில் கோப்பை வாங்கியது. எல்லோரும் ஒரே கல்லூரியில் படித்து முடித்து, இப்போது வெவ்வேறு ஊர்களில் வேலையில் இருப்பவர்கள். படத்தையும் எழுதி வைத்திருந்த வரியையும் எனக்கு அனுப்பி, "மாமா, இது போதுமா பாருங்க" என்றான். "எங்கள் உழைப்புக்கும் நட்புக்கும் கிடைத்த வெற்றி. தேங்க்ஸ் டீம். லவ் யூ ஆல்" என்று இருந்தது. உடனே போன் போட்டேன். "கடைசி ஓவர்ல யாருடா நின்னது?" என்று கேட்டதுதான் தாமதம், முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினான். கேட்கக் கேட்க ஒன்று தெளிவாகிவிட்டது. எழுத வேண்டியதெல்லாம் அவனிடமே இருந்தது. எழுத உட்கார்ந்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு, மேடையில் பேசுகிறவர் மாதிரி ஆகிவிட்டான்.

அந்த ஆட்டத்தின் கதை இது. பெயர்களை விட்டுவிட்டு அவரவர் இடத்தை வைத்தே சொல்கிறேன்.

இறுதிப் போட்டி எட்டு ஓவர். எதிரணி முதலில் ஆடி 71 ரன் எடுத்தது. மூன்றாவது ஓவரில் அவர்களுடைய முக்கியமான ஆட்டக்காரர் 2 ரன்னில் இருந்தபோது கொடுத்த சுலபமான கேட்ச்சை நம் கீப்பர் விட்டுவிட்டான். ஐந்தாவது ஓவரில் அதே ஆளை அவனே ஸ்டம்பிங் செய்தான். அதற்குள் அவர் 15 ரன் எடுத்திருந்தார். கடைசிப் பந்தை அவர்களில் ஒருவர் லாங் ஆன் பக்கம் தூக்கி அடிக்க, எல்லைக் கோட்டுக்கு ஓர் அடி உள்ளே நின்று அதைப் பிடித்தவன் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய நண்பன். இரண்டு ஓவர் போட்டு 7 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்த வேகப் பந்து வீச்சாளன்தான் அன்றைய ஆள் நாயகன்.

நம் அணிக்கு வெற்றி இலக்கு 72. தொடக்க ஆட்டக்காரன் தவறாகக் கூப்பிட்டதில் கேப்டன் 4 ரன்னில் ரன் அவுட். பெங்களூர் நண்பன் முதல் பந்திலேயே பவுல்டு. தொடக்க ஆட்டக்காரன் மட்டும் ஒரு பக்கம் நின்று 28 ரன் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். கடைசி ஓவர் தொடங்கும்போது எட்டு விக்கெட் போயிருந்தது, 9 ரன் வேண்டும். எதிர்கொண்டவன் பத்தாவது ஆட்டக்காரன். முதல் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு ஸ்லிப் பக்கம் பறந்து நான்கு. இரண்டாவது பந்தில் ரன் இல்லை, மூன்றாவதில் ஒன்று. நான்காவது பந்தில் நம் வேகப் பந்து வீச்சாளன் மட்டையைச் சுழற்றினான், பந்து படவில்லை. ஐந்தாவது பந்தை மிட் விக்கெட் பக்கம் அடிக்கப் பார்த்தான். மட்டை கையில் திரும்பி, பந்து கவருக்கு மேலே பறந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. ஒரு பந்து மீதம் வைத்து வெற்றி.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. அன்று ஆடும் பதினொரு பேரில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்திருந்த நண்பன் ஒருவன் பழைய நோட்டு ஒன்றில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தான். ஏழாவது ஓவர் முடிந்தபோது கமிட்டியின் பலகையில் 62 என்று இருந்தது. அவன் நோட்டில் 63. ஆறாவது ஓவரில் ஓடி எடுத்த ஒரு லெக் பையைக் கமிட்டிக்காரர் எழுத விட்டுப்போயிருந்தார். அவன் மேசைக்குப் போய்ப் பந்து பந்தாகச் சொல்ல, நடுவரும் ஒத்துக்கொண்டு திருத்தினார்கள். அவன் நோட்டைப் பிடித்திருக்காவிட்டால் அந்தக் கடைசி ஓவரில் 10 ரன் தேவைப்பட்டிருக்கும்.

இவ்வளவு இருக்க, "உழைப்புக்குக் கிடைத்த வெற்றி" என்று எழுதினால் அந்த நோட்டு எங்கே போனது? கவருக்கு மேலே பறந்த பந்து எங்கே போனது?

நன்றி சொல்வதற்கு நல்ல முன்மாதிரி கிரிக்கெட்டிலேயே இருக்கிறது. 2011 ஏப்ரல் 2 இரவு, மும்பை வான்கடே மைதானத்தில் உலகக் கோப்பையை வென்றபின் சச்சினைத் தோளில் தூக்கிச் சுற்றி வந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது அப்போது 22 வயதான விராட் கோலி, இருபத்தொரு வருடம் நாட்டின் பாரத்தை அவர் சுமந்தார், இன்று நாங்கள் அவரைச் சுமந்தோம் என்ற பொருளில் சொன்னார். அந்தப் பேச்சு இன்றும் நினைவில் நிற்கக் காரணம் அதில் ஒரு கணக்கும் ஒரு செயலும் இருப்பதுதான். இருபத்தொரு வருடம் என்பது கணக்கு. சுமந்தது என்பது கண்ணெதிரே நடந்த செயல். சச்சின் மகத்தானவர் என்று மட்டும் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்துபோயிருக்கும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடராஜன் இருக்கிறார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து இந்திய அணி வரை போனவர். தன்னைக் கைதூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷ் என்ற ஊர்க்காரரின் பெயரைச் சுருக்கித் தன் பெயரோடு சேர்த்து 'ஜேபி நட்டு' என்று கையில் பச்சை குத்திக்கொண்டார், ஆடும் சட்டையிலும் போட்டுக்கொண்டார். இரண்டே எழுத்துதான், யாருக்கு நன்றி என்பதில் சந்தேகமே இல்லை. அதே நடராஜனுக்கு 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இன்னொன்று நடந்தது. டி20 தொடரில் தொடர் நாயகன் விருது ஹர்திக் பாண்டியாவுக்குக் கிடைத்தது. அதற்குத் தகுதியானவர் நடராஜன்தான் என்று சொல்லி, அந்தக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டார் பாண்டியா. நடராஜன் அந்தத் தொடரில் மூன்று ஆட்டங்களில் 6 விக்கெட் எடுத்திருந்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொடரை வென்றபோதும் கேப்டன் ரஹானே கோப்பையை நடராஜனிடம்தான் கொடுத்தார். பெயர் வாங்கியவர், அதிகம் வெளியே தெரியாதவரிடம் அதைத் திருப்பிவிடுவது நன்றியின் மிக உயர்ந்த வடிவம். ஊர்ப் போட்டிப் படத்துக்குக் கீழே எழுதும் வரியிலும் அதைச் செய்ய முடியும். ஆள் நாயகன் எழுதினால் நோட்டுப் பிடித்தவனிலிருந்து தொடங்க வேண்டும்.

கேலியின் கணக்கு வேறு. யாரை ஓட்டலாம், எதற்காக ஓட்டலாம் என்று கல்லூரி விடுதியில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் நெருங்கிய நண்பர்களிடையே அதற்கு ஓர் அளவு இருக்கவே செய்கிறது. அன்று அதிகம் சாதித்தவனை அதிகம் ஓட்டலாம். அவனுக்கு அது பாராட்டைப் போலத்தான் கேட்கும். ஆள் நாயகனைப் பார்த்து "மிட் விக்கெட்டுக்கு அடிச்சது கவர்ல போச்சே மாப்ள" என்றால் அவனே முதலில் சிரிப்பான். கோப்பை அவன் கையில்தான் இருக்கிறது. சாதிக்காதவனை, அவன் சொதப்பிய அதே இடத்தில் வைத்து ஓட்டும்போதுதான் காயமாகிறது. பெங்களூரிலிருந்து வந்து முதல் பந்தில் போல்டானவனுக்கு "டக்குக்கு டிக்கெட் போட்டு வந்தவன்" என்று மட்டும் எழுதினால், ராத்திரி முழுக்கக் கால் மடக்கி வந்தவனுக்கு அது உறுத்தும். அவன் பிடித்த கேட்ச்சையும் அதே வரியில் சேர்த்துவிட்டால் அந்தக் கேலி இனித்துவிடும்.

என் அக்கா மகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஒருவனை ஓட்டுகிற வரியிலேயே அவனுக்கான நன்றியும் இருக்கட்டும். மேலே நாலு வரி கேலி, கீழே ஒரு வரி பொதுவான நன்றி என்று தனித்தனியாகப் பிரித்தால் கேலி ஆள் ஆளாகப் போய்த் தைக்கும், நன்றி யாருக்கும் போய்ச் சேராது. ஒரே வாக்கியத்தில் வைத்தால் இரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றாகப் போகும்.

கேட்ச் விட்டதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர்ப் போட்டிகளில் அதிகம் ஓட்டப்படுபவன் கேட்ச் விட்டவன்தான். டென்னிஸ் பந்து எடை குறைந்தது, துள்ளல் அதிகம். உள்ளங்கையில் பட்டதும் விரல் மூடுவதற்குள் எகிறி வெளியே போய்விடும். கிரிக்கெட் பந்து கைக்குள் வந்து உட்காரும், இது உட்காராது. கையை உடம்போடு சேர்த்துப் பின்னால் இழுத்து, பந்தின் வேகத்தோடு போய்ப் பிடிக்க வேண்டும். அதனால் நன்றாக ஆடுகிறவர்களும் விடுவார்கள் என்பது மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கீப்பரை அந்த வகையில் தாராளமாக ஓட்டலாம். அந்தத் தவறுக்குப் பதிலாக அவன் செய்த ஸ்டம்பிங்கும் கணக்கில் இருக்கிறது. அதே சமயம், அந்தக் கேட்ச்சால் ஆட்டமே போயிருந்தால் அன்றைக்கு அவனைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. தோல்விக்கு அப்புறமான கேலிக்கு நாள் ஆக வேண்டும்.

ஆட்டத்தில் உள்ள குறையைச் சொல்வதுகூட எவ்வளவு ஆழமாகப் போய்ப் படும் என்பதை 2024இல் வந்த 'லப்பர் பந்து' படம் பார்த்தவர்கள் அறிவார்கள். ஊர்ப் போட்டிகளில் கொடி கட்டிப் பறக்கும் ஒருவரின் ஆட்டத்தில் இருக்கும் ஓட்டையை ஓர் இளைஞன் சொல்லிவிட, அதிலிருந்து பகை வளர்கிறது. டென்னிஸ் பந்து ஆடுகிறவர்கள் அந்தப் படத்தைக் கொண்டாடியதற்கு இப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒரு கதை இருப்பதும் ஒரு காரணம். படமாவது இரண்டரை மணி நேரத்தில் சமாதானத்துக்கு வருகிறது. படத்துக்குக் கீழே எழுதிய வரியை யாராவது படம் பிடித்து வைத்துவிட்டால் அது வருடக் கணக்கில் சுற்றும்.

அக்கா மகன் இரண்டாவதாக எழுதி அனுப்பியதில் கேலி நிறையவே இருந்தது. நன்றாகவும் இருந்தது. ஆனால் மூன்று வரிகளை எடுக்கச் சொன்னேன்.

ஒன்று, ஆபீஸில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஆட வந்தவனைப் பற்றியது. "காய்ச்சல்ல 28 அடிச்ச ஒரே ஆளு இவன்தான்" என்று எழுதியிருந்தான். நண்பர்கள் கூடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கத் தகுந்த வரி. ஆனால் அந்தப் பக்கத்தை அவனுடைய அலுவலகத்தில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள். படத்திலேயே அவன் இருக்கிறானே என்று கேட்டான். படம் எப்போது எடுத்தது என்பதைப் படம் சொல்லாது, இந்த வரி சொல்லிவிடும். "அவன்கிட்ட கேட்டுட்டுப் போடு" என்றேன். கேட்டிருக்கிறான். அவன் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். யாரை ஓட்டுகிறோமோ அவனிடம் முதலில் அந்த வரியைக் காட்டுவது ஒரு நிமிட வேலை.

இரண்டாவது, ஒருவனின் உடம்பைப் பற்றியது. பருமனாக இருப்பவனை விடுதியில் கூப்பிட்ட பட்டப் பெயரை அப்படியே போட்டிருந்தான். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் மாமா என்றான். அவன் கோபித்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் பத்துப் பேர் கீழே வந்து அதையே எழுதுவார்கள், அதில் அவன் தங்கையும் இருப்பாள், அவனுக்குப் பெண் பார்க்கிற வீட்டாரும் இருப்பார்கள். ஓட்டுவதற்கு அவன் அன்று மைதானத்தில் செய்தது ஏராளமாக இருக்கும்போது உடம்பையும் நிறத்தையும் வீட்டுக் கஷ்டத்தையும் தொடவே தேவையில்லை.

மூன்றாவது வரியைத்தான் கண்டிப்பாக எடுக்கச் சொன்னேன். தோற்ற அணியின் ஊர்ப் பெயரைச் சொல்லி, "இனி அந்த ஊர்க்காரன் மட்டையைத் தொடக் கூடாது" என்று இருந்தது. விளையாட்டாகத்தான் எழுதினான். ஆனால் நம் கிராமங்களில் ஊர்ப் பெயர் என்பது பல நேரங்களில் தெருவையும் சாதியையும் சேர்த்துச் சொல்வதுதான். மைதானத்தில் தொடங்கிய வாய்ச்சண்டை ஊர்ச் சண்டையாக வளர்ந்து, அடிதடி, காவல் நிலையம் என்று போனதை நாம் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். வென்றவன் தோற்றவனின் ஊரைச் சீண்டும் வரிக்கு எந்த நியாயமும் கிடையாது. சீண்டிக்கொள்வதெல்லாம் நம் அணிக்குள் இருக்கட்டும். எதிரணியைப் பற்றி எழுதினால் அவர்கள் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லி எழுத வேண்டும். அன்று அவர்களுடைய சுழல் பந்து வீச்சாளர் ஒரே ஓவரில் நம் மூன்று பேரை அனுப்பியிருந்தார். அதை எழுதினால் அவருக்கும் பெருமை, அப்படிப்பட்டவர்களை வென்ற நமக்கும் பெருமை.

நன்றிப் பட்டியலில் விட்டுப்போகிறவர்கள் எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள்தான். கூடுதல் ஆளாக வந்து தண்ணீர் கேனையும் பையையும் தூக்கியவன், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்த வண்டியின் சொந்தக்காரன், மட்டை இரவல் கொடுத்தவன், மைதானத்தைக் கூட்டிக் கோடு போட்டவர்கள், நாள் முழுக்க வெயிலில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய நடுவர். இவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதினால் வரி கல்யாணப் பத்திரிகை போல நீண்டுவிடும் என்பது உண்மைதான். அதனால் ஆட்டத்தைத் திருப்பிய ஒருவரையாவது தேர்ந்து, அவர் செய்ததைச் சொல்லி எழுதலாம். மற்றவர்களுக்குப் படத்தில் அவர்கள் பெயரை இணைப்பதும், தனியாக ஒரு போன் போடுவதும் போதும். அன்றைக்கு அந்த ஒருவர் நோட்டுப் பிடித்தவன்தான்.

நீளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே 2,200 குறிகள் வரை எழுத இடம் உண்டு. ஆனால் படிப்பவருக்கு முதலில் தெரிவது ஓரிரு வரிகள்தான், மீதியைப் படிக்க அவர் விரலால் தட்ட வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி பல குறிகளாக எண்ணும். 'வெற்றி' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு குறி, ஏனென்றால் கொம்பு, புள்ளி, விசிறி எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆகவே தமிழில் அந்த முதல் வரி இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். அதில் "நண்பர்களோடு ஒரு மறக்க முடியாத நாள்" என்று போட்டுவிட்டால் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஆட்டத்தின் மிக நெருக்கடியான கணத்தை அங்கே வைக்க வேண்டும். கடைசி ஓவர், 9 ரன், பத்தாவது ஆள். கிரிக்கெட் தெரிந்த யாரும் அதற்கு மேல் படிக்காமல் நகர மாட்டார்கள்.

பேச்சு நடையில் எழுதுவதா, எழுத்து நடையிலா என்று கேட்டான். கேலி எழுத்து நடையில் வராது. "தாங்கள் விட்ட கேட்ச்சை நாங்கள் மறக்கவில்லை" என்று யாரும் நண்பனிடம் பேசுவதில்லை. மாப்ள, மச்சான், பங்காளி என்று எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே இருக்கட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் மதுரைப் பேச்சையோ சென்னைப் பேச்சையோ இரவல் வாங்கி எழுதினால் நண்பர்களுக்கே ஒட்டாது. நடுவருக்கும் கமிட்டிக்கும் எதிரணிக்கும் சொல்லும் வரி மட்டும் மரியாதையோடு இருக்க வேண்டும். 'ங்க' போட்டுப் பேசுகிறவர்களுக்கு எழுத்திலும் 'ங்க' வர வேண்டும்.

மூன்றாவது முறை அவன் எழுதியது இதுதான். பெயர் வந்த இடங்களில் அவரவர் இடத்தைப் போட்டிருக்கிறேன், மற்றபடி அவன் எழுதிய மாதிரியே தருகிறேன்.

"கடைசி ஓவர். 9 ரன் வேணும். எதிர்ல நின்னது எங்க பத்தாவது ஆளு. கப்பு யாரு கைல இருக்குன்னு படத்தைப் பாருங்க.

முதல் நன்றி, ஒரு பால்கூட ஆடாம ஜெயிக்க வெச்சவனுக்கு. ஏழாவது ஓவர்ல போர்டுல 62, இவன் நோட்டுல 63. அந்த ஒரு ரன்னைப் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தான் பாருங்க. காலேஜ்ல ஒருநாளும் நோட்ஸ் எடுக்காதவன்!

ஓப்பனர், கேப்டனை ரன் அவுட் ஆக்கிட்டு அந்தக் கடனை 28 ரன்னா கட்டிட்டான். வட்டிக்கு ஒரு டீ பாக்கி மாப்ள.

கீப்பர், மூணாவது ஓவர்ல விட்டவனை அஞ்சாவது ஓவர்ல ஸ்டம்பிங் பண்ணித் தூக்கிட்டான். நடுவுல போன 13 ரன்னை நாங்க மறந்துட்டோம். மச்சான், சும்மா சொன்னேன், மறக்கலை.

பெங்களூர்லேர்ந்து ராத்திரி பூரா பஸ்ல வந்தவன், ஒரே பால்ல பேட்டிங்கை முடிச்சுக்கிட்டான். ஆனா லாங் ஆன்ல அவன் அதைப் பிடிக்கலேன்னா இலக்கு 78. அந்த டிக்கெட் காசு வீண் போகலை பங்காளி.

ஆள் நாயகன், 2 ஓவர், 7 ரன், 2 விக்கெட், அப்புறம் கடைசி ஃபோர். மிட் விக்கெட்டைப் பார்த்து சுத்தினான், கவர் மேல போச்சு. எங்கே போனா என்னடா, போய்ச் சேர்ந்துச்சே.

ஒரே ஓவர்ல எங்க மூணு பேரை அனுப்பின அந்த ஸ்பின்னர் அண்ணனுக்கும், அவங்க டீமுக்கும், வெயில்ல நின்ன அம்பயருங்களுக்கும், கமிட்டிக்காரங்களுக்கும் எங்க நன்றிங்க. அடுத்த பொங்கலுக்கும் வர்றோம்."

போட்ட அன்றே தோற்ற அணியின் சுழல் பந்து வீச்சாளர் வந்து கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "வாங்க தம்பி, பார்த்துக்குவோம்." இரண்டு அணிக்காரர்களும் இப்போது ஒருவரையொருவர் பின்தொடர்கிறார்கள். நோட்டுப் பிடித்த நண்பன் மட்டும் எதுவும் எழுதவில்லை. அன்றிரவு கேப்டனுக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினானாம்.

எழுதுவது கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே உள்ளதில் கற்பனை ஒரு வரிகூட இல்லை, எல்லாம் ஸ்கோர் நோட்டிலிருந்து வந்தது. எத்தனையாவது ஓவரில் கேட்ச் போனது, எத்தனை ரன் கூடியது, கடைசி ஓவரில் எந்தப் பந்தில் என்ன ஆனது என்பது கையில் இருந்தால் கேலியும் நன்றியும் தாமாக வரும். இல்லாவிட்டால் மறுநாளே ஆளுக்கொரு ஸ்கோர் சொல்வார்கள், பிறகு "வெறித்தனம்" என்றுதான் எழுத முடியும். ஊர்ப் போட்டிகளில் கமிட்டியின் ஸ்கோர்த் தாள் பரிசளிப்பு முடிந்ததும் மேசையோடு போய்விடும். எனவே இந்த மே மாதம் ஆடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பையோடு படம் எடுக்கும் முன்னால், அந்தத் தாளை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.